மார்ஃப் வச்சு ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் டயக்ராம்: பிஸ்டன் நகராம மங்கி மங்கி வருது, ஏன்?

பாலிடெக்னிக்_வாத்தி
வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் பசங்களுக்கு ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின் எடுக்கணும். போர்டுல நாலு படம் வரைஞ்சு போட்டு போட்டு கை ஓஞ்சு போச்சு, அதனால இந்த தடவை பவர்பாயிண்ட்ல ஒரே படத்த படிப்படியா நகர்த்தி காட்டலாம்னு உக்காந்தேன். வீட்டு கம்ப்யூட்டர்ல 2019 இருக்கு. முதல் ஸ்லைடுல சிலிண்டர், பிஸ்டன், ரெண்டு வால்வு எல்லாம் வரைஞ்சு, ஒட்டுமொத்தமா குரூப் பண்ணி வச்சேன். டூப்ளிகேட் போட்டு, பிஸ்டன மட்டும் கீழ இறக்கணும்ங்கிறதால ரெண்டாவது ஸ்லைடுல அன்குரூப் பண்ணி இறக்கினேன். ஸ்லைடு ட்ரான்ஸிஷன்ல மார்ஃப் குடுத்தேன். பிஸ்டன் இறங்கவே இல்ல, பழைய படம் மங்கி புது படம் தெளிவாகுது, அவ்வளவுதான். அதோட வேற ஒரு ட்ரையல்ல ரெண்டு வால்வும் இடம் மாறி குறுக்க குறுக்க பறக்குது, அது தனி கூத்து. யாராவது செஞ்சவங்க சொல்லுங்க.

ரமணி_வேலூர்
தலைப்புல மார்ஃப்னு பாத்துட்டு நியூஸ்ல வர்ற மார்ஃபிங் போட்டோ கேஸ் ஏதோன்னு நினைச்சு உள்ள வந்தேன் 😅 சாரி. நான் கேன்வாலதான் செய்வேன், அதுலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு, Match & Move. அத ட்ரை பண்ணி பாருங்களேன்.

சிஸ்டம்_செல்வம்
சார் உங்க வெர்ஷன் பிரச்சனை. மார்ஃப் 365ல மட்டும்தான் ஒழுங்கா ஓடும். மத்ததுல எல்லாம் ஃபேடா மாறிடும். சப்ஸ்கிரிப்ஷன் வாங்குங்க, சரியாயிடும்.

பாலிடெக்னிக்_வாத்தி
அப்படின்னா அந்த வால்வு மட்டும் எப்படி பறக்குது?

கிராங்க்_கார்த்தி
செல்வம் அண்ணா சொல்றதுல பாதி சரி. 2013 மாதிரி பழசுல அந்த ஃபைல திறந்தா மார்ஃப் இருந்த இடத்துல ஃபேட்தான் ஓடும், ஃபைலுக்குள்ளயே மார்ஃப் தெரியலன்னா ஃபேட் ஓட்டுன்னு எழுதி வச்சிருக்கும். ஆனா 2019ல மார்ஃப் முழுசா இருக்கு, செய்யவும் முடியும் ஓட்டவும் முடியும். சார் பிரச்சனை குரூப்.

மார்ஃப் செய்யற வேலை ரொம்ப சின்னது. முதல் ஸ்லைடுல இருக்கற ஒவ்வொரு பொருளுக்கும் ரெண்டாவது ஸ்லைடுல ஜோடி யாருன்னு தேடும். ஜோடி கிடைச்சா இடம், அளவு, சுழற்சி, கலர் இதெல்லாம் இங்கேந்து அங்க கொஞ்சம் கொஞ்சமா மாத்தும். ஜோடி கிடைக்கலன்னா பழசு மங்கும் புதுசு தெளியும். உங்க முதல் ஸ்லைடுல ஒரே ஒரு குரூப்தான் இருக்கு, அடுத்ததுல பத்து தனி ஷேப் இருக்கு, ஒண்ணுக்கும் ஜோடி இல்ல. எல்லா ஸ்லைடுலயும் அன்குரூப் பண்ணி வைங்க, இல்ல எல்லாத்துலயும் ஒரே மாதிரி குரூப்பா வைங்க.

வால்வு பறக்கறதுக்கு காரணம் பேரு. Alt+F10 அடிங்க, வலது பக்கம் லிஸ்ட் வரும், அதுல ரெண்டு வால்வும் என்ன பேர்ல இருக்குன்னு பாருங்க. ஒண்ண வரைஞ்சு காப்பி பண்ணி இன்னொண்ணு வச்சிருப்பீங்கன்னு நினைக்கறேன்.

பாலிடெக்னிக்_வாத்தி
ஆமா தம்பி, ரெண்டும் valve தான். இன்லெட் வரைஞ்சு பேரு வச்சிட்டு Ctrl+D போட்டு எக்ஸாஸ்ட் ஆக்கினேன்.

கிராங்க்_கார்த்தி
அதேதான். எந்த valve எந்த valveக்கு ஜோடின்னு அதுக்கு குழப்பம். பேருக்கு முன்னாடி ரெண்டு ஆச்சரியக்குறி போட்டா, இந்த பேருக்கு அந்த பேருதான் ஜோடின்னு நாமளே கட்டாயமா சொல்லிடறோம். `!!inlet`, `!!exhaust`, `!!piston`, `!!gas` இப்படி. ஒரு ஸ்லைடுக்குள்ள ஒரே பேரு ரெண்டு தடவ வரக்கூடாது. முக்கியமா, முதல் ஸ்லைடுல பேரெல்லாம் வச்சு முடிச்சிட்டு அப்புறம் டூப்ளிகேட் பண்ணுங்க, பேரும் சேர்ந்து காப்பி ஆகிடும். பத்து ஸ்லைடு பண்ணிட்டு திரும்பி வந்து பேர் மாத்தினா பைத்தியம் பிடிக்கும்.

பேரு ஏற்கனவே தனித்தனியா இருந்தா, முன்னாடி `!!` ஒட்டறதுக்கு நான் வச்சிருக்கற குட்டி மேக்ரோ. Alt+F11ல ஒரு மாட்யூல் போட்டு ஒட்டி, அந்த ஸ்லைடுல நின்னுகிட்டு ஓட்டுங்க:

```vba
Sub PeyarVai()
  Dim s As Shape
  For Each s In ActiveWindow.View.Slide.Shapes
    If Left(s.Name, 2) <> "!!" Then s.Name = "!!" & s.Name
  Next
End Sub
```

பாலிடெக்னிக்_வாத்தி
ஓடுது!! பிஸ்டன் வழுக்கிட்டு இறங்குது. தேங்க்ஸ் தம்பி. ஆனா பேராசை பிடிச்சு கிராங்கும் கனெக்டிங் ராடும் வரைஞ்சேன். கிராங்க் 90 டிகிரி சுத்துறப்ப நடுவுல ராடு கிராங்க் பின்ன விட்டு கழண்டு போயி கடைசியில வந்து ஒட்டிக்குது. ஆரம்பமும் சரி முடிவும் சரி, நடுவுலதான் இன்ஜின் உடையுது.

மணல்மேடு_மணி
சார் அதுக்கு அனிமேஷன்ல மோஷன் பாத் இருக்கே, ஆர்க் போட்டு விட வேண்டியதுதான? மார்ஃப்லாம் ஃபேஷன்.

கிராங்க்_கார்த்தி
மணி அண்ணா, மோஷன் பாத் ராட நகர்த்தும், ஆனா அதே நேரத்துல சாயணும், அதுக்கு தனியா ஸ்பின் போடணும், ரெண்டோட நேரமும் சேரணும். நாலு ஸ்ட்ரோக்குக்கு அனிமேஷன் பேன்ல முப்பது வரி வரும். அடுத்த வருஷம் ஒரு ஷேப்ப மாத்தணும்னா யாரு தேடறது.

சாருக்கு: இது உங்க தப்பு இல்ல, மார்ஃப் அப்படித்தான். அதுக்கு ராடு கிராங்கோட மாட்டியிருக்குன்னே தெரியாது. ஒவ்வொரு ஷேப்போட நடுப்புள்ளிய நேர்கோட்டுல நகர்த்தும், கோணத்த தனியா மாத்தும். ஆனா வட்டமா வரைஞ்ச கிராங்க் சுழலும்போது அதுமேல இருக்கற பின் வளைஞ்ச பாதையில போகுது. ராடோட நடுப்புள்ளி நேரா போகுது. அப்ப பிரியாம என்ன செய்யும்.

எவ்வளவு பிரியும்னு பேப்பர்ல போட்டு பாத்தேன். கிராங்க் ஆரம் 2 செ.மீ, ராடு நீளம் 6 செ.மீன்னு வைங்க. மேல் முனையிலேந்து 90 டிகிரி ஒரே தாவல். பாதி வழியில ராடோட மேல் முனை பிஸ்டனோட கிட்டத்தட்ட ஒட்டியேதான் போகுது. கீழ் முனை மட்டும் பின்னிலேந்து 0.6 செ.மீ தள்ளி நிக்குது. ப்ரொஜக்டர்ல அது கையகல ஓட்டை. 30 டிகிரி 30 டிகிரியா உடைச்சா இடைவெளி 0.1 செ.மீக்கும் கீழ போயிடும், கண்ணுக்கு தெரியாது. ஆனா ரெண்டு சுத்து 720 டிகிரி, அப்ப 24 தாவல், 25 ஸ்லைடு. அது மட்டும் இல்ல, ஒவ்வொரு தாவலும் மெதுவா ஆரம்பிச்சு வேகமாகி மெதுவா நிக்கும், அதனால 24 தடவ விக்கல் எடுத்த மாதிரி ஓடும்.

இன்னொரு சின்ன விஷயம், 90 டிகிரில பிஸ்டன பாதி வழியில வச்சிருந்தீங்கன்னா அதுவும் தப்பு. இந்த அளவுக்கு 4 செ.மீ ஸ்ட்ரோக்குல 2.34 செ.மீ இறங்கியிருக்கணும். ராடு சாயறதால பாதிய தாண்டிடும்.

பாலிடெக்னிக்_வாத்தி
2.34 நான் பிள்ளைகளுக்கு பார்முலாவுல சொல்லிக் குடுக்கறது, ஆனா படத்துல நானே 2ல வச்சிருந்தேன் 🤦 அப்ப ராட விட்டுடறதா?

கிராங்க்_கார்த்தி
என் கருத்து விட்டுடுங்கன்னுதான். இந்த பாடத்துல பையன் பாக்க வேண்டியது வால்வு எது திறந்திருக்கு, பிஸ்டன் எந்த பக்கம் போகுது, உள்ள இருக்கறது என்ன, இந்த மூணுதான். கீழ கிராங்க்கேஸ் ஒரு பெட்டியா மூடி வச்சிட்டு, பக்கத்துல கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதுல ஒரு முள்ளு. கிராங்க் எத்தனை சுத்து போச்சுன்னு அது சொல்லட்டும். முள்ளையும் கண்ணுக்கு தெரியாத ஒரு முழு வட்டத்தையும் குரூப் பண்ணி, அந்த குரூப்ப சுத்துங்க. பவர்பாயிண்ட்ல எல்லாமே தன் நடுப்புள்ளியிலதான் சுழலும், வேற இடத்துல ஆணி அடிக்க முடியாது, அதுக்குத்தான் அந்த வட்டம்.

இப்ப ஒரு வேடிக்கை. ராட எடுத்துட்டா ஒரு ஸ்ட்ரோக்க 90, 90ன்னு உடைக்கவே வேண்டாம், ஒரே தாவல்ல மேலேந்து கீழ. மெதுவா கிளம்பி நடுவுல வேகமாகி முடிவுல மெதுவாகறது உண்மையான பிஸ்டனும் செய்யறதுதான். மார்ஃபோட அந்த பழக்கம் இங்க மட்டும் நமக்கு சாதகம்.

ஆனா முள்ளு சரியா 180 போனா எந்த பக்கம் சுத்தறதுன்னு அதுக்கு ரெண்டு வழி இருக்கு, எது கிட்டன்னு சொல்ல முடியாது. மார்ஃப் எப்பவும் குறுக்கு வழிதான் போகும். அதனால 179 வைங்க. அடுத்தது 358, அடுத்தது 177, அடுத்தது 356. நாலு ஸ்ட்ரோக் முடிஞ்சப்ப 4 டிகிரி குறையும், ஒரு பயலும் கண்டுபிடிக்க மாட்டான்.

சிஸ்டம்_செல்வம்
179 செம்ம ஐடியா ப்ரோ 🔥

யாழ்_உயிரியல்
இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். நான் ஏ/எல் பயோ படிப்பிக்கிறன். இழையுருப்பிரிவு ஸ்லைட் ஒண்டு இதே மாதிரித்தான் செய்யப் பாத்தன். ஒரு நிறமூர்த்தம் ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு பக்கமும் போகோணும். ஒண்டு நகருது, மற்றது திடீரெண்டு மங்கலா வந்து நிக்குது. `!!` பேர் வச்சும் சரிவரேல்லை. ஒரு உருவத்துக்கு ரெண்டு சோடி குடுக்கேலாதோ?

கிராங்க்_கார்த்தி
குடுக்க முடியாது டீச்சர். ஒண்ணுக்கு ஒண்ணுதான். வழி என்னன்னா முதல் ஸ்லைடுலேந்தே ரெண்டு அரைநிறவுருவையும் தனித்தனி ஷேப்பா வரைஞ்சு ஒட்டி வைங்க, `!!k1a`, `!!k1b`. பாக்கறதுக்கு ஒரே நிறமூர்த்தம், பிரியும்போது ரெண்டும் தன் தன் பக்கம் போகும். நாலு நிறமூர்த்தம் உள்ள கலம்னா எட்டு பேரு.

யாழ்_உயிரியல்
ஓம் அது விளங்குது, உண்மையிலயும் அது முதலே ரெண்டாத்தான் இருக்கு, பிள்ளையளுக்கும் அப்பிடித்தான் சொல்லோணும். நல்லம். கருவுறை கரையிறதுக்கு சோடியே இல்லாமல் விட்டால் தானாவே மங்கிப் போகுமெண்டு நினைக்கிறன். ஆனால் இழுபடேக்க V மாதிரி வளையிறதுக்கு என்ன செய்யிறது?

கிராங்க்_கார்த்தி
நேரா ஒண்ணு வளைஞ்சதா ஒண்ணு வரைஞ்சு ஒரே `!!` பேரு குடுத்தா உருவம் மாறும். சில நேரம் நடுவுல முறுக்கிக்கும். நேரான ஷேப்ப காப்பி பண்ணி அதோட புள்ளிகளையே இழுத்து வளைச்சா முறுக்கறது குறைவா இருந்துச்சு எனக்கு. எப்பவும் சரியா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

பாலிடெக்னிக்_வாத்தி
முள்ளு ஜோரா சுத்துது. அடுத்த சிக்கல். இன்டேக் ஸ்ட்ரோக்ல இன்லெட் வால்வ திறந்தும் பிஸ்டன இறக்கியும் வச்சேன். ஓட்டினா பிஸ்டன் இறங்க இறங்க வால்வு மெது மெதுவா திறக்குது, பிஸ்டன் அடியில போய் நிக்கும்போதுதான் வால்வு முழுசா திறக்குது. இத பாத்து ஒரு பையன் அப்படியே பரீட்சையில எழுதிட்டா?

கிராங்க்_கார்த்தி
மார்ஃப்ல எல்லாமே ஒண்ணா கிளம்பி ஒண்ணா போய்ச் சேரும். முன்ன பின்ன சொல்ல வழி கிடையாது. முன்ன பின்ன வேணும்னா ஸ்லைடுதான் உடைக்கணும். வால்வுக்கு ஒரு ஸ்லைடு, Duration அரை செகண்டு. பிஸ்டனுக்கு அடுத்த ஸ்லைடு, ரெண்டு செகண்டு.

நான் செஞ்ச வரிசை இது. முதல் படம், பிஸ்டன் மேல, ரெண்டு வால்வும் மூடி. அடுத்தது இன்லெட் திறக்குது. அடுத்தது பிஸ்டன் இறங்குது, நீலக் கலர் கேஸ் பெட்டி நீளுது. அடுத்தது இன்லெட் மூடுது. பிஸ்டன் ஏறுது, கேஸ் நசுங்கி அடர் நீலம். ஸ்பார்க், கேஸ் ஆரஞ்சு ஆகுது. பிஸ்டன் இறங்குது. எக்ஸாஸ்ட் திறக்குது, கேஸ் சாம்பல். பிஸ்டன் ஏறுது. எக்ஸாஸ்ட் மூடுது. மொத்தம் பத்து ஸ்லைடு.

கிளிக் பத்து தடவ தட்ட வேண்டாம். வால்வு திறக்கற ஸ்லைடுகள்லயும் இன்லெட் மூடற ஸ்லைடுலயும் ஸ்பார்க் ஸ்லைடுலயும் Transitions பக்கத்துல After டிக் பண்ணி 00:00 குடுங்க, On Mouse Click எடுத்துடுங்க. அப்ப ஒரு கிளிக்குல வால்வு திறந்து பிஸ்டன் போய் நின்னுடும், நீங்க பேசலாம், அடுத்த கிளிக் அடுத்த ஸ்ட்ரோக்.

கேஸ் பெட்டிய பத்தி ஒரு வார்த்தை. மேல் விளிம்பு அசையக்கூடாது, கீழ் விளிம்ப மட்டும் இழுத்து பிஸ்டன் தலையோட ஒட்டுங்க. பிஸ்டனும் நேர்கோடு, பெட்டி நீளறதும் நேர்கோடு, அதனால நடுவுல பிரியாது. ராடுக்கு இல்லாத அதிர்ஷ்டம் இதுக்கு உண்டு. மேல 0.5 செ.மீ விட்டீங்கன்னா கீழ போனதும் 4.5, அப்ப கம்ப்ரெஷன் ரேஷியோ 9. பெட்ரோல் இன்ஜினுக்கு பொருத்தமான எண்ணு, படத்துலயே அளந்து காட்டலாம். வால்வு 0.3 செ.மீக்கு மேல இறங்க வேண்டாம், பிஸ்டன் மண்டையில இடிக்கும்.

பழைய_மெக்கானிக்
எல்லாம் சரி தம்பிகளா. வால்வு டாப்ல வந்து டக்குன்னு திறக்குது, பாட்டம்ல டக்குன்னு மூடுதுன்னு காட்றீங்க. நெசமா இன்லெட்டு பிஸ்டன் மேல வந்து சேர்றதுக்கு முன்னாடியே திறந்துக்கும், கீழ போயி திரும்பி ஏற ஆரம்பிச்சப்புறம்தான் மூடும். எக்ஸாஸ்டும் கொஞ்ச நேரம் அதோட சேர்ந்து திறந்தே இருக்கும். ஸ்பார்க்கும் மேல வர்றதுக்கு முன்னாடியே விழுந்துடும். முப்பது வருசமா டைமிங் வச்ச கை இது. பசங்க இந்த படத்த நம்பி ஷெட்டுக்கு வந்தா நான்தான் திருத்தணும்.

பாலிடெக்னிக்_வாத்தி
அண்ணே நீங்க சொல்றது சத்தியம். முதல் நாள் தியரி படம் இப்படித்தான் நடத்துவோம், வால்வ் டைமிங் டயக்ராம் அடுத்த வாரம் வருது.

பழைய_மெக்கானிக்
முதல் நாள் பாத்ததுதான் மண்டையில நிக்கும்.

கிராங்க்_கார்த்தி
அண்ணா சொல்றத மார்ஃப்ல காட்டணும்னா ஒரு ஸ்ட்ரோக்க நடுவுல நிறுத்தி வால்வ திறந்து மறுபடி ஓட்டணும், நிறுத்தற இடத்துல பிஸ்டனும் நின்னுடும், அதுவும் பொய்தான். அதுக்கு முள்ளு வச்ச அந்த வட்டத்துலயே வால்வு திறந்திருக்கற பகுதிய கலர் பட்டையா போட்டுடலாம்னு தோணுது. செஞ்சு பாக்கல.

மணல்மேடு_மணி
இதுக்கு பேசாம நெட்ல ஒரு ஜிஃப் எடுத்து போட்டா போதாதா? எத்தனையோ இருக்கு, ராடு கழண்டும் போகாது.

பாலிடெக்னிக்_வாத்தி
போட்டு பாத்தேன் மணி. அது நிக்காம சுத்திக்கிட்டே இருக்கு. நான் கம்ப்ரெஷன் பத்தி பேசிட்டு இருக்கும்போது அது எக்ஸாஸ்டுக்கு போயிடுது. பசங்க என்ன கேக்கறதா அத பாக்கறதான்னு முழிக்கறாங்க. அதோட ரெக்கார்டு நோட்டுல வரையறதுக்கு படம் நிக்கணும்ல. மார்ஃப்ல ஸ்ட்ரோக் முடிஞ்சு நின்னதும் அது வரையக்கூடிய படமா இருக்கு.

மணல்மேடு_மணி
அது ஒரு பாயிண்டுதான். ஆனா அஞ்சு நிமிஷ பாடத்துக்கு ரெண்டு நாள் வேலை, அத யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க.

பாலிடெக்னிக்_வாத்தி
இன்னிக்கு கிளாஸ்ல ஓட்டினேன். கதைய கேளுங்க. கிளாஸ் கம்ப்யூட்டர்ல 2013. செல்வம் முதல்லயே சொன்னாரு, நான் என் வீட்டு வெர்ஷன நினைச்சு அலட்சியமா விட்டுட்டேன். திறந்தா பத்து ஸ்லைடும் மங்கி மங்கி வருது. அரை செகண்டு ஸ்லைடெல்லாம் கண் சிமிட்ற மாதிரி போச்சு. லேப்டாப்ப கொண்டு வந்து மாட்டி ஓட்டினப்புறம்தான் உயிர் வந்துச்சு.

சிஸ்டம்_செல்வம்
😎 சொன்னேன்ல. லேப்டாப் தூக்க முடியலன்னா File, Export, Create a Video போட்டு MP4 ஆக்கிடுங்க, வீடியோல மார்ஃப் அப்படியே இருக்கும். கூகுள் ஸ்லைட்ஸ்ல மட்டும் ஏத்தி ஓட்டிடாதீங்க, அதுல மார்ஃபே கிடையாது.

கிராங்க்_கார்த்தி
வீடியோ ஆக்கினா கிளிக்குக்கு நிக்காது, ஜிஃப் கதைதான். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கையும் தனி வீடியோவா எடுத்து நாலு ஸ்லைடுல ஒண்ணொண்ணா வச்சா 2013லயும் நிறுத்தி நிறுத்தி ஓட்டலாம். அந்த மெஷின்ல MP4 ஓடுதான்னு மட்டும் முதல் நாளே பாத்துடுங்க.

பாலிடெக்னிக்_வாத்தி
நாளைக்கு அதான் வேலை. இன்னொண்ணு, கடைசி பெஞ்சு பையன் ஒருத்தன் எழுந்து, "சார் ரெண்டு சுத்துக்கு அப்புறம் முள்ளு கொஞ்சம் முன்னாடியே நின்னுடுச்சே"ன்னான். கார்த்தி தம்பி, 4 டிகிரிய ஒரு பயலும் கண்டுபிடிக்க மாட்டான்னு சொன்னீங்க.

கிராங்க்_கார்த்தி
😂😂 அவன விட்டுடாதீங்க சார். கடைசி எக்ஸாஸ்ட் மூடுற ஸ்லைடுல முள்ள 0க்கு கொண்டு வந்துடுங்க, 356லேந்து 0 நாலு டிகிரிதான், வால்வோட சேர்ந்து தானா போய் உக்காரும்.

ரமணி_வேலூர்
ஒரு டவுட். டூ ஸ்ட்ரோக்கு இதே மாதிரி செய்யலாமா? அதுல வால்வே இல்லையே, பிஸ்டன்தானே போர்ட்ட மூடி திறக்குது. அப்ப கேஸ் போர்ட்டு வழியா வளைஞ்சு போறத எப்படி காட்றது, அதுவும் நேர்கோட்டுலதான் போகுமா?